24 நியூட்ரினோக்களும் ஒரு நியூட்ரான் விண்மீனும்

1987 பிப்ரவரி 23, இந்திய நேரப்படி பிற்பகல் 1 மணி 5 நிமிடம். ஜப்பானின் கமியோகா சுரங்கத்துக்குள் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியில் 13 நொடிக்குள் 11 சிறு ஒளிக்கீற்றுகள் பதிவாயின. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கு அடியிலிருந்த உப்புச் சுரங்கத்தில் வைத்திருந்த இன்னொரு தொட்டியில் 6 நொடிக்குள் 8. காக்கசஸ் மலையடிவாரத்தில் பக்சான் ஆய்வகத்தில் 5. அந்த நேரத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை. எல்லாம் தாமாகவே பதிவுக் கருவிகளில் ஏறிக் கிடந்தன.

அடுத்த நாள் சிலி நாட்டின் லாஸ் காம்பனாஸ் மலையில் இயன் ஷெல்டன் என்ற கனடா நாட்டு வானியலாளர் தான் எடுத்த புகைப்படத் தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, பெரிய மெகல்லன் மேகத்தில் முந்தைய இரவு இல்லாத ஒரு விண்மீன் பளிச்சென்று தெரிந்தது. தகட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்தவர் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. 1604இல் கெப்ளர் கண்ட சூப்பர்நோவாவுக்குப் பிறகு, கருவியின்றிப் பார்க்கும் அளவுக்கு ஒளிர்ந்த சூப்பர்நோவா இதுதான். 1987ஏ என்று பெயரிட்டார்கள். செய்தி பரவியதும் கமியோகாவின் காந்த நாடாக்கள் டோக்கியோவுக்குப் போயின. அங்கே அந்த 11 கீற்றுகளும் வெளிவந்தன.

வெடித்தது எது என்பதும் விரைவிலேயே தெரிந்துவிட்டது. பழைய பட்டியல்களில் சாண்டுலீக் -69 202 என்ற எண்ணோடு இருந்த ஒரு நீலப் பெருவிண்மீன், ஒளி அடங்கிய பிறகு பார்த்தபோது அந்த இடத்தில் இல்லை. பிறக்கும்போது அது சூரியனைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு பொருண்மை கொண்டிருந்திருக்க வேண்டும். பூமியிலிருந்து அதன் தொலைவு சுமார் 1,68,000 ஒளியாண்டு.

சூப்பர்நோவா என்றதும் நம் மனத்தில் வருவது வெடிப்பு. எனக்கென்னவோ அது கதையைத் தலைகீழாகச் சொல்வதாகப் படுகிறது. அன்று நடந்த முதன்மை நிகழ்ச்சி, ஒரு விண்மீனின் மையம் உள்ளே விழுந்து நியூட்ரான் விண்மீனாக மாறியதுதான். வெளியானதில் ஏறத்தாழ 99 விழுக்காட்டு ஆற்றலை நியூட்ரினோக்கள் கொண்டுபோய்விட்டன. விண்மீனின் உடலைச் சிதறடித்தது எஞ்சிய ஒரு விழுக்காடு. உலகமே வியந்து பார்த்த ஒளி, அந்த ஒரு விழுக்காட்டிலும் நூறில் ஒரு பங்கு அளவே. வெடிப்பு ஒரு பக்க விளைவு. அதுவும் நடக்காமலே போயிருக்கக்கூடிய பக்க விளைவு.

ஏன் உள்ளே விழுந்தது?

விண்மீன் ஒன்று தன் எடையைத் தாங்கி நிற்பது, உள்ளே நடக்கும் அணுக்கருப் பிணைப்பு தரும் வெப்பத்தால். 20 மடங்குப் பொருண்மை கொண்ட விண்மீனில் ஹைட்ரஜன் எரிந்து ஹீலியமாக சுமார் ஒரு கோடி ஆண்டு ஆகும். ஹீலியம் கார்பனாக, ஆக்சிஜனாக மாற பத்து லட்சம் ஆண்டு. அதற்குமேல் காலம் சடசடவென்று சுருங்குகிறது. கார்பன் எரிய சில நூறு அல்லது ஆயிரம் ஆண்டு. நியானும் ஆக்சிஜனும் ஓரிரு ஆண்டுக்குள். சிலிக்கன் எரிந்து இரும்பாக மாறச் சில நாள்களே. இந்த அவசரத்துக்குக் காரணமும் நியூட்ரினோதான். கார்பன் கட்டத்துக்குப் பிறகு மையத்தின் வெப்பம் மிக அதிகமாகிவிடுவதால், உண்டாகும் ஆற்றலில் பெரும்பகுதி ஒளியாக மெல்ல ஊர்ந்து வெளியேறாமல் நியூட்ரினோக்களாக நேரே தப்பிவிடுகிறது. இழப்பை ஈடுகட்ட விண்மீன் மேலும் வேகமாக எரிய வேண்டியிருக்கிறது.

இரும்போடு அந்த வழி அடைபடுகிறது. இரும்பை ஒத்த அணுக்கருக்கள் மிக இறுக்கமாகப் பிணைந்தவை. அவற்றை மேலும் சேர்த்தால் ஆற்றல் கிடைக்காது, செலவாகும். ஆகவே மையத்தில் இரும்பு குவியக் குவிய, அதைத் தாங்கிப் பிடிப்பது பிணைப்பு வெப்பம் அன்று. எலக்ட்ரான்கள் ஓர் அளவுக்கு மேல் நெருங்க மறுப்பதால் எழும் குவாண்டம் அழுத்தமே அதைத் தாங்குகிறது. இந்த அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு என்று காட்டியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்துக்கொண்டு கேம்பிரிட்ஜுக்குக் கப்பலில் போகும் வழியில், 19 வயதில், அந்தக் கணக்கைத் தொடங்கினார். எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போது அவற்றின் எதிர்ப்பு போதாமல் போகும் என்பதே அதன் சாரம். சூரியனைப் போல் 1.4 மடங்கு என்பது அந்த எல்லை. வெண்குறுமீன்களை மனத்தில் வைத்து அவர் போட்ட கணக்கு அது. பெருவிண்மீனின் இரும்பு மையத்துக்கும் ஏறத்தாழ அதே எல்லைதான் பொருந்துகிறது.

சிலிக்கன் எரிந்து இரும்பைச் சேர்த்துக்கொண்டே போக, மையம் அந்த எல்லையைத் தொடுகிறது. அப்போது அதன் ஆரம் ஓரிரண்டாயிரம் கிலோமீட்டர். வெப்பம் பல நூறு கோடி டிகிரி. இரண்டு இழப்புகள் ஒன்றாகச் சேர்கின்றன. கடும் வெப்பத்தில் காமாக் கதிர்கள் இரும்பு அணுக்கருக்களை உடைக்கின்றன. உடைக்க ஆகும் ஆற்றல் மையத்திலிருந்தே போகிறது. அதே வேளையில் எலக்ட்ரான்கள் அணுக்கருக்களுக்குள் அழுத்தப்பட்டு, புரோட்டான்கள் நியூட்ரான்களாக மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு நியூட்ரினோ வெளியேறுகிறது. மையத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவை எலக்ட்ரான்களே என்பதால், அவை குறையக் குறையத் தாங்குதலும் குறைகிறது. சரிவு தொடங்கினால் நிற்காது. அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் பொருள் நொடிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் உள்நோக்கி விழுகிறது. உச்ச வேகம் ஒளி வேகத்தில் கால் பங்கை எட்டும். வெளியடுக்குகளுக்கு இதெல்லாம் இன்னும் தெரியாது. காலடியில் தரை போய்விட்டது என்ற செய்தி ஒலியின் வேகத்தில்தானே மேலே போக வேண்டும்!

விழுகிற பொருளின் அடர்த்தி அணுக்கருவின் அடர்த்தியைத் தாண்டும்போது, அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு 27 கோடி டன் என்ற நிலையைக் கடக்கும்போது, அணுக்கரு விசை விலக்கு விசையாக மாறிப் பொருளைச் சட்டென்று கெட்டிப்படுத்துகிறது. உள்மையம் நின்று, சற்றே பின்னோக்கி எகிறுகிறது. மேலிருந்து இன்னும் விழுந்துகொண்டிருக்கும் பொருளில் அந்த எகிறல் மோத, ஓர் அதிர்வலை பிறந்து வெளிநோக்கிக் கிளம்புகிறது. 1960களிலும் 70களிலும் பலர் இத்தோடு கதை முடிந்தது, இந்த அலையே விண்மீனை வெடிக்கவைத்துவிடும் என்று நம்பினார்கள்.

கணினியில் கணக்கிட்டுப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. அலை இன்னும் மையத்தின் இரும்பைத் தாண்டியாக வேண்டும். வழியில் உள்ள இரும்பை அது தனித்தனி நியூட்ரான், புரோட்டான்களாகப் பிளந்துகொண்டு போகிறது. சூரியனின் பொருண்மையில் பத்தில் ஒரு பங்கு இரும்பைப் பிளக்க ஆகும் ஆற்றலே, 1987ஏ வெடிப்பில் சிதறிய பொருளின் மொத்த இயக்க ஆற்றலுக்கு ஏறத்தாழ ஈடாகும். அலை கடக்க வேண்டிய இரும்போ அதைவிடப் பல மடங்கு. ஆகவே அது கிளம்பிச் சில நூறில் ஒரு நொடிக்குள், மையத்திலிருந்து 150, 200 கிலோமீட்டர் தூரத்தில் வலுவிழந்து நின்றுவிடுகிறது. மேலிருந்து பொருள் அதன் மீது கொட்டிக்கொண்டே இருக்கிறது. இப்படியே விட்டால் கீழே உருவான பிஞ்சு நியூட்ரான் விண்மீன் கனம் தாங்காமல் கருந்துளையாகிவிடும். வானத்தில் பெரிய வெடிப்பு எதுவும் தெரியாது. சில விண்மீன்களுக்கு இதுவே முடிவு என்றுதான் இன்று கருதப்படுகிறது.

நின்றுபோன அலையை மறுபடி கிளப்புவது எது? 1966இல் ஸ்டிர்லிங் கோல்கேட்டும் ரிச்சர்ட் ஒயிட்டும் நியூட்ரினோக்களைச் சுட்டினார்கள். 1980களில் ஜேம்ஸ் வில்சனும் ஹான்ஸ் பெத்தேயும் அந்தக் கருத்தை இன்று வழங்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார்கள். புதிதாக உருவான நியூட்ரான் உருண்டையிலிருந்து கொட்டும் நியூட்ரினோக்களில் சில விழுக்காடு, அலைக்குச் சற்றுக் கீழேயுள்ள பொருளில் சிக்கி அதைச் சூடாக்குகின்றன. சூடான பொருள் கொதித்து மேலெழுகிறது, குளிர்ந்தது கீழிறங்குகிறது, அலை முழுவதுமே பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்குகிறது. இந்தக் கொந்தளிப்பு இல்லையென்றால் பெரும்பாலான விண்மீன்கள் கணக்கில் வெடிப்பதே இல்லை. விண்மீனைச் சீரான கோளமாக வைத்துப் போட்ட பழைய கணக்குகள் மீண்டும் மீண்டும் தோற்றதற்கு அதுவே காரணம். முப்பரிமாணக் கணக்குகளைப் போடும் அளவுக்குக் கணினிகள் வளர்ந்த பிறகே விண்மீன்கள் திரையில் தாமாக வெடிக்கத் தொடங்கின. அப்போதும் எந்த விண்மீன் வெடிக்கும், எது கருந்துளையாகும் என்பதில் வெவ்வேறு குழுக்களின் கணக்குகள் இன்னும் முழுமையாக ஒத்துப்போகவில்லை.

இப்போது அந்த 24 கீற்றுகளுக்கு வருவோம்.

சுருங்கும் மையத்தின் ஈர்ப்பு ஆற்றல் எங்கோ போயாக வேண்டும். சூரியனைப் போல் 1.4 மடங்குப் பொருளை 12 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அடைத்தால் வெளியாகும் ஆற்றல், சூரியன் தன் ஆயுளான 1000 கோடி ஆண்டுகளில் வெளியிடப்போகும் மொத்த ஆற்றலைப் போல் 200 மடங்குக்கும் மேல். அந்த வெப்பம் முழுவதும் முதலில் நியூட்ரான் உருண்டைக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. சாதாரணப் பொருளை நியூட்ரினோ கண்டுகொள்வதே இல்லை. ஒளியாண்டுக் கணக்கில் தடித்த ஈயப் பாளத்தையும் அது ஊடுருவிவிடும். ஆனால் அணுக்கருவின் அடர்த்தியில் அதற்கும் வழி கிடைப்பதில்லை. தேர்த் திருவிழாக் கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டவர் ஓரடி முன்னும் ஓரடி பக்கத்திலும் இடிபட்டு வெளியே வருவதைப் போல, நியூட்ரினோ முட்டி மோதித் திசை மாறி மாறித்தான் மேற்பரப்பை அடைய முடியும். தடையில்லாவிட்டால் பத்தாயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவாக ஆகும் பயணம், சுமார் பத்து நொடியாக நீள்கிறது.

இந்தப் பத்து நொடியில்தான் சான்று இருக்கிறது. கமியோகா தொட்டியில் பதிவான 11 கீற்றுகளில் 8, முதல் 2 நொடிக்குள் வந்தவை. பிறகு 7 நொடிக்கு மேல் ஒன்றுமில்லை. அதன் பின் 3 வந்தன. கடைசியானது 12ஆவது நொடியில். வெறும் சரிவும் எகிறலும் மட்டும் நடந்திருந்தால் எல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்திருக்கும். மையம் அப்போதே கருந்துளையாகியிருந்தால் நியூட்ரினோ ஓட்டம் வெட்டியதுபோல் நின்றிருக்கும். 12ஆவது நொடியிலும் ஏதோ ஒன்று அங்கே கொதித்து, மெல்ல ஆறிக்கொண்டிருந்தது என்றால், அந்த நேரத்தில் ஒரு நியூட்ரான் விண்மீன் இருந்தது என்றே பொருள்.

கீற்றுகளின் எண்ணிக்கையும் பேசுகிறது. அந்தத் தொட்டியின் தண்ணீரில் பயன்பட்ட பகுதி 2,140 டன். அதன் வழியே அன்று சில நூறு கோடி கோடி நியூட்ரினோக்கள் போயிருக்க வேண்டும். அவற்றில் ஓர் எதிர் நியூட்ரினோ அபூர்வமாக நீரிலுள்ள ஒரு புரோட்டானில் மோதினால் ஒரு பாசிட்ரான் பிறக்கும். அது தண்ணீரில் ஒளி செல்லும் வேகத்தை மிஞ்சி ஓடும்போது நீலநிறச் செரென்கோவ் ஒளி கூம்பாகப் பரவும். தொட்டிச் சுவரில் வரிசையாகப் பதித்த ஒளிபெருக்கிக் குழாய்கள் அதைப் பிடிக்கும். எத்தனை மோதல்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஆற்றல், தொலைவு எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்தால் மூல ஆற்றலைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். வந்த விடை, நியூட்ரான் விண்மீன் உருவாக வெளியாக வேண்டிய ஈர்ப்பு ஆற்றலோடு பொருந்தியது. நியூட்ரினோக்களின் ஆற்றலிலிருந்து அவை கிளம்பிய பரப்பின் வெப்பம் சுமார் 4,000 கோடி டிகிரி என்று தெரிந்தது. அந்த வெப்பத்தில் அவ்வளவு ஆற்றலைப் பத்து நொடியில் வெளியிடக்கூடிய உருண்டையின் ஆரம் சில பத்துக் கிலோமீட்டர் என்றும் வந்தது. 11 கீற்றுகளிலிருந்து இவ்வளவு பெறுவது கொஞ்சம் துணிச்சல்தான். பிழை வரம்புகளும் பெரிது. ஆனால் ஓஹையோ தொட்டியின் 8 கீற்றுகளும் இதே விடையின் பக்கம்தான் நிற்கின்றன. அந்த நேரத்தில் அங்கே ஒளிபெருக்கிகளில் கால் பங்கு பழுதாகி அணைந்து கிடந்தன; அப்படியும் இது. ஜப்பானின் கடிகாரத்தில் ஒரு நிமிடம் வரை பிழை இருக்கலாம். ஓஹையோவின் கடிகாரமோ துல்லியமானது. இந்திய நேரம் 1.05 என்று நாம் இன்று உறுதியாகச் சொல்ல முடிவது அதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. பெரிய மெகல்லன் மேகம் தென்வானத்தின் அடியில் இருப்பது. ஜப்பானிலோ ஓஹையோவிலோ அது எப்போதும் அடிவானத்துக்குக் கீழேதான். ஆகவே அந்தத் தொட்டிகளுக்கு நியூட்ரினோக்கள் வந்தது கீழிருந்து, பூமிக்குள் நுழைந்து மறுபக்கமாக. நமக்கு அது சற்றே தெரியும். வேலூர் பக்கம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில், தெற்கு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 8 டிகிரி உயரத்துக்கு மட்டும் எழும்பும் அந்தப் புள்ளியை வைணு பாப்பு வான் ஆய்வகத்தின் தொலைநோக்கியால் பிடித்து நிறமாலை எடுத்தார்கள்.

கமியோகா தொட்டியை அமைத்த மசாதோஷி கோஷிபாவுக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் அதைக் கட்டியது சூப்பர்நோவாவுக்காக அன்று, புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்க. புரோட்டான் இன்றுவரை சிதையவில்லை.

நியூட்ரினோக்கள் விண்மீனை விட்டுப் போனபோது அதன் மேற்பரப்பில் எதுவும் நடக்கவில்லை. அதிர்வலை உள்ளிருந்து மேலே வந்து சேரவே ஓரிரண்டு மணி நேரம் ஆனது. நியூசிலாந்தில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்ற ஆர்வலர், நியூட்ரினோ வந்து ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்துத் தற்செயலாக அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார், புதிதாக எதுவுமில்லை. ஆஸ்திரேலியாவில் ராபர்ட் மக்நாட் மூன்று மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் அது இருந்தது. சிவப்புப் பெருவிண்மீன் ஒன்று வெடித்திருந்தால் அலை மேலே வர ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். சாண்டுலீக் நீலமானது, அதனால் அளவில் சிறியது. வெடிக்கும் நேரத்தில் அது ஏன் சிவப்பாக வீங்கியிருக்கவில்லை என்பது அன்று பெரும் புதிராக இருந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே இரு விண்மீன்கள் ஒன்றோடொன்று இணைந்து அது உருவாகியிருக்கலாம் என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

பிறகு பல மாதங்கள் நீடித்த ஒளிக்குக் காரணம் கதிரியக்கம். அதிர்வலை மையத்துக்கு அருகிலிருந்த சிலிக்கனைச் சுட்டுச் சுமார் 23,000 பூமிகளின் எடைக்குச் சமமான நிக்கல்-56ஐ உண்டாக்கியிருந்தது. அது 6 நாள் அரை ஆயுளோடு கோபால்ட்டாகவும், கோபால்ட் 77 நாள் அரை ஆயுளோடு இரும்பாகவும் மாறும். சூப்பர்நோவாவின் ஒளி துல்லியமாக அந்த 77 நாள் கணக்கில் மங்கியது. வேறு எந்த ஆற்றல் மூலமும் தேவைப்படவில்லை என்பதுதான் இங்கே சங்கடம். உள்ளே துடிப்பான ஒரு நியூட்ரான் விண்மீன் இருந்தால் அதன் பங்கும் ஒளியில் தெரிந்திருக்க வேண்டுமே?

அதைத் தேடத் தொடங்கினார்கள். எதிர்பார்ப்புக்கு முன்மாதிரி நண்டு நெபுலா. 1054இல் சீனர்கள் பதிவுசெய்த சூப்பர்நோவாவின் எச்சம் அது. அதன் நடுவில் நொடிக்கு 30 முறை சுழலும் பல்சர் ஒன்று இருக்கிறது. அதன் கதிர்கற்றை ஒவ்வொரு சுற்றிலும் நம்மைத் தொட்டுப் போகிறது. 1987ஏயின் நடுவிலும் அப்படி ஒரு துடிப்பு வரும் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள். 1989 ஜனவரியில், சிலியின் செர்ரோ தொலோலோ ஆய்வகத்தில் ஒரே இரவில் அது வந்தேவிட்டது: நொடிக்கு ஏறத்தாழ 1,969 துடிப்புகள். நம்பவே முடியாத வேகம். அவ்வளவு வேகமாகச் சுழல்கிற நியூட்ரான் விண்மீன் சிதறாமலிருக்க அதன் உட்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று கோட்பாட்டாளர்கள் கட்டுரை மேல் கட்டுரை எழுதினார்கள். ஆனால் மறுபடி யார் பார்த்தபோதும் துடிப்பு இல்லை. ஓராண்டு கழித்து, அதே குழு வேறு ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதே அதிர்வெண் மீண்டும் தலைகாட்டியது. தொலைநோக்கியோடு இணைத்திருந்த தொலைக்காட்சிக் கேமராவின் மின் இரைச்சல்தான் அது. குழுவே அதை வெளிப்படையாக அறிவித்து முடிவைத் திரும்பப் பெற்றது. விண்ணில் உள்ளது துடிக்கிறதா, கருவி துடிக்கிறதா என்று அறிய எளிய வழி தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பிப் பார்ப்பது. இங்கே அது தற்செயலாக நடந்தது.

ஆண்டுகள் போகப் போக ஐயம் வளர்ந்தது. ஒருவேளை வெளியே போன பொருளில் கொஞ்சம் மறுபடி உள்ளே விழுந்து, நியூட்ரான் விண்மீன் தன் எல்லையைத் தாண்டிக் கருந்துளையாகிவிட்டதோ? 1990களில் பெத்தேயும் ஜெரால்ட் பிரவுனும் அப்படித்தான் வாதிட்டார்கள். அந்த 12 நொடிகள் சொல்வது, முதல் 12 நொடியைப் பற்றி மட்டும்தான். பிறகு நடந்ததற்கு அவை சாட்சி ஆகா.

தடையாக இருந்தது தூசு. சிதறிய பொருள் குளிர்ந்தபோது கார்பனும் சிலிக்கேட்டுகளும் துகள்களாகத் திரண்டன. 2011இல் ஹெர்ஷல் விண்தொலைநோக்கி அங்கே சூரியனின் பொருண்மையில் ஏறத்தாழ பாதி அளவுக்குக் குளிர்ந்த தூசு இருப்பதைக் காட்டியது. அவ்வளவு தூசுக்கு நடுவே உள்ள 24 கிலோமீட்டர் அகல உருண்டையின் கண்ணுக்குப் புலனாகும் ஒளியோ மென்மையான எக்ஸ் கதிரோ வெளியே வர வழியில்லை. அது தெரியாததை வைத்து அது இல்லை என்று முடிவுகட்ட முடியாது என்பது அப்போதுதான் தெளிவானது. 2019இல் சிலியின் அல்மா தொலைநோக்கி அந்தத் தூசுக்குள் மற்ற இடங்களைவிடச் சூடான ஒரு திட்டைக் கண்டது. ஏதோ ஒன்று உள்ளிருந்து சூடேற்றுகிறது என்று நினைக்க அது இடம் கொடுத்தது. ஆனால் எது என்று அதனால் சொல்ல முடியவில்லை.

2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 1987ஏயை அகச்சிவப்பில் பார்த்தது. ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் கிளாஸ் ஃபிரான்சன் தலைமையிலான குழு 2024இல் முடிவை வெளியிட்டது. தொலைநோக்கியிலுள்ள கருவி, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனி நிறமாலை தரக்கூடியது. எச்சத்தின் சரியான நடுவில், ஒரே ஒரு புள்ளியிலிருந்து மட்டும், ஆர்கானின் கூர்மையான கோடுகள் வந்தன: ஓர் எலக்ட்ரானை இழந்த ஆர்கான் ஒன்று, ஐந்து எலக்ட்ரான்களை இழந்த ஆர்கான் இன்னொன்று. கந்தகத்தின் கோடுகளும் அருகில் இருந்தன.

ஏன் ஆர்கான்? விண்மீன் வெடிக்கும் முன் ஆக்சிஜன் எரிந்து உண்டான அடுக்கில் இருப்பவை சிலிக்கன், கந்தகம், ஆர்கான், கால்சியம். இரும்பு மையத்தை ஒட்டியிருந்த அடுக்கு அது. வெடிப்பில் மிக மெதுவாக நகர்ந்ததும் அதுவே. இன்றும் நடுவில் நிற்கிறது. ஆனால் ஓர் ஆர்கான் அணுவிலிருந்து ஐந்து எலக்ட்ரான்களைப் பிடுங்க வேண்டுமென்றால், கடும் புற ஊதாக் கதிரோ எக்ஸ் கதிரோ தொடர்ந்து படவேண்டும். நிக்கலும் கோபால்ட்டும் எப்போதோ தீர்ந்துவிட்டன. இன்று எஞ்சியுள்ள டைட்டேனியம்-44 எச்சத்தின் உட்பகுதியில் பரவிக் கிடப்பது. இப்படி ஒரே புள்ளியை மட்டும் அது ஒளிரவைக்காது. கோடுகளின் இடப்பெயர்ச்சி, அந்த வாயு நொடிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் நம் பக்கம் நகர்கிறது என்று காட்டியது. வெடிப்பு எல்லாப் பக்கமும் சமமாக நிகழாததால், பிறக்கும்போதே உதை வாங்கிய நியூட்ரான் விண்மீன்கள் நகரும் வேகம் இப்படித்தான் இருக்கும்.

இரண்டு விளக்கங்கள் மிஞ்சின. ஒன்று: 35 வயதேயான நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பு இன்னும் பத்து லட்சம் டிகிரிக்கும் மேல் கொதிக்கிறது, அந்த வெப்பக் கதிரே ஆர்கானை உரிக்கிறது. இன்னொன்று: அது வேகமாகச் சுழன்று, தன் காந்தப் புலத்தால் மின்னேற்றத் துகள்களை வீசி, நண்டு நெபுலாவில் உள்ளதைப் போன்ற ஒரு சிறு துகள்மண்டலத்தைத் தன்னைச் சுற்றி உண்டாக்கியிருக்கிறது. எது சரியாயினும் நடுவே ஒரு நியூட்ரான் விண்மீன் வேண்டும். சான்று மறைமுகமானதுதான், நியூட்ரான் விண்மீனை யாரும் படம் பிடித்துவிடவில்லை. அதன் சுழற்சிக் காலமும் காந்தப் புல வலிமையும் இன்றும் தெரியாதவையே. என்றாலும் கருந்துளை வாதம் இனி எழுந்து நிற்பது கடினம் என்றே எனக்குப் படுகிறது.

இரண்டு விளக்கங்களில் எது என்று பிரிக்க, வெவ்வேறு அளவில் எலக்ட்ரான் இழந்த தனிமங்களின் கோடுகளுக்கு இடையேயான விகிதத்தை மேலும் துல்லியமாக அளக்க வேண்டும். வெப்பக் கதிரும் துகள்மண்டலக் கதிரும் அணுக்களை உரிக்கும் விதம் ஒன்றல்ல. இன்னொரு வழி காத்திருப்பது. எச்சம் விரிய விரிய, நடுவிலிருந்து வெளியே வரும் பாதையில் தூசின் தடிப்பு காலத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது: 2022இல் இருந்ததில் பாதியாக அது இறங்குவது 2037 வாக்கில். மென்மையான எக்ஸ் கதிர்கள் தப்பிவர வழி அப்போதிருந்து மெல்லத் திறக்கும். துடிப்பு ஏதும் இருந்து, அதன் கற்றையும் நம் திசையில் இருந்தால், சுழற்சிக் காலத்தை அதில் நேரடியாக அளக்கலாம்.